மொய் மேசையில் உட்காரப் போகும் பிள்ளைகளுக்கு



ஆவணி பிறந்துவிட்டால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனிப் பக்கம் மண்டபம் கிடைப்பதே பெரும்பாடு. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வீடு குடிபோவது என்று வரிசையாக விசேஷம். அதில் ஏதோ ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் உங்களைக் கூப்பிட்டு, "ஒனக்கு எழுத்து நல்லா இருக்கும்ல, மொய் எழுத உக்காருப்பா" என்று சொல்லப் போகிறார். கல்லூரி முடித்தவர், கணக்கு படித்தவர், வங்கியில் வேலை பார்க்கும் அக்கா என்று இப்படித்தான் இந்த வேலை உங்கள் கைக்கு வருகிறது. உங்களுக்காகத்தான் இந்த மடல். பல வருஷமாக மொய் எழுதியும், எழுதிய நோட்டைப் பிறகு படித்துப் பார்த்தும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அந்த மேசையில் நீங்கள் எழுதுவது வரவுக் கணக்கு இல்லை. தாம்பாளத்தில் பணம் குவிகிறது, பை நிறைகிறது, மைக்கில் தொகை ஒலிக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது வருமானம் போலத்தான் தெரியும். ஆனால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்த வீடு பிற்பாடு திருப்பிச் செய்ய வேண்டிய ஒரு கடன். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, தவணை கிடையாது. கொடுத்தவர் வீட்டில் எப்போது விசேஷம் வருகிறதோ அப்போதுதான் அது திரும்பும். நாலு மாதத்திலும் வரலாம், இருபது வருஷம் கழித்தும் வரலாம். அன்றைக்கு இந்த நோட்டைத் திறந்து பார்ப்பவர் இன்றைக்கு மண்டபத்தில் இருந்தவராக இருக்க மாட்டார். காது குத்தின குழந்தையே வளர்ந்து, கல்யாணமாகி, அப்பா இல்லாத வீட்டில் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "இவங்க நமக்கு என்ன செஞ்சிருக்காங்க?" என்று தேடும். நீங்கள் எழுத வேண்டியது அந்தப் பிள்ளைக்கு.

அதனால் பெயரை எழுதுவதுதான் முதல் வேலை, தொகை அதற்கு அடுத்ததுதான். "முருகன் - 500" என்று எழுதிய வரி எந்த உதவிக்கும் வராது. ஒரு ஊரில் ஏழு முருகன் இருப்பார்கள். ஊரை முதலில் எழுதுங்கள். பிறகு அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் போதாது, முழுப் பெயரையும் கேளுங்கள். அதன் பிறகு அந்த ஊரில் அவரை எப்படி அடையாளம் சொல்வார்களோ அதை எழுதுங்கள்: கரும்பலகை வாத்தியார் மகன், டீக்கடைக்காரர், மேலத்தெரு, கோயம்புத்தூரில் மில் வேலை. பட்டப்பெயரைச் சொல்லத் தயங்கினால் தெருப் பெயர் போதும். கூட்டம் பின்னால் நெருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர், "எழுதப்பா, ஒங்க அப்பாவுக்குத் தெரியும்" என்பார். அப்பாவுக்குத் தெரியும், வாஸ்தவம்தான். ஆனால் நோட்டு எழுதுவதே அப்பாவின் ஞாபகத்தை நம்பியிருக்கக் கூடாது என்பதற்காகத்தான். "ஐயா, உங்க அப்பா பேரு?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கேட்க ஐந்து நொடி ஆகும், அவ்வளவுதான்.

கொடுத்துவிட்ட மொய் இன்னொரு சிக்கல். ஊரிலிருந்து ஒருவர் வருவார், வர முடியாத மூன்று வீட்டு மொய்யையும் சேர்த்துக் கொண்டுவருவார். அவசரத்தில் நான்கையும் அவர் பெயரிலேயே போட்டுவிட்டால், அந்த மூன்று வீட்டுக்கும் நாம் கடன்பட்டது யாருக்கும் தெரியாமல் போகும். இவருக்கோ நாலு மடங்கு திருப்ப வேண்டியது போலத் தோன்றும். நான்கு வரி எழுதி, மூன்றில் 'இன்னார் மூலமாக' என்று சேருங்கள். கணவரை இழந்த அம்மா கொண்டுவரும் மொய்யை யார் பெயரில் எழுதுவது என்று அவரிடமே கேளுங்கள். மகன் பெயரைச் சொல்வார் சிலர், இறந்துபோன கணவர் பெயரையே சொல்வார் சிலர். அவர் சொன்னபடி எழுதிவிட்டு, பக்கத்தில் அவர் பெயரையும் குறித்து வையுங்கள். பிற்காலத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க அது ஒன்றுதான் வழியாக இருக்கும்.

பணமாக வராதவையும் உண்டு. குத்துவிளக்கு, அண்டா, கிடாய், அரிசி மூட்டை, மோதிரம். இவற்றுக்கு அன்றைய விலையைப் போட்டு ரூபாயாக எழுதும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது வேண்டாம். பொருளைப் பொருளாகவே எழுதுங்கள். தங்கமென்றால் எடை கட்டாயம் வேண்டும். 2004-ல் ஒரு கிராம் தங்கம் அறுநூறு ரூபாய்க்குள் கிடைத்தது. அன்றைக்கு நாலு கிராம் மோதிரம் போட்ட மாமாவின் வரியில் '2,300 ரூபாய்' என்று மட்டும் எழுதியிருந்தால், இன்றைக்குத் திருப்பிச் செய்யப் போகிறவர் அந்தத் தொகையை எடுத்துக்கொண்டு போய் நிற்பார். போட்டவர் மனதில் நிற்பது அரைப் பவுன். உறவு கெட்டுப்போக வேறு எதுவும் தேவையில்லை.

மேசையில் ஒரே ஆள் பணத்தையும் வாங்கி எழுத்தையும் பார்க்கக் கூடாது. ஒருவர் வாங்கி எண்ணட்டும், ஒருவர் எழுதட்டும். எண்ணுகிறவர் ஊர், பெயர், தொகையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மைக்கில் மொய்யை அறிவிப்பதைப் பெருமை காட்டும் வழக்கம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். கொடுத்தவர் காதில் தன் பெயரும் தொகையும் விழுகிறது, தப்பாக இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார். மைக் இல்லாத விசேஷத்தில் எழுதிய வரியை அவரிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். 1001 என்றால் அந்த ஒரு ரூபாயையும் விடாமல் எழுதுங்கள். அடித்துத் திருத்த வேண்டியிருந்தால் மேலேயே எழுதாமல், கோடு போட்டு அடுத்த வரியில் புதிதாக எழுதுங்கள். பக்கம் முடிந்ததும் கீழே கூட்டிப் போட்டு, அந்தப் பக்கத்துப் பணத்தை எண்ணிச் சரிபார்த்துத் தனியாகக் கட்டிவிடுங்கள். நானூறு வரியையும் எழுதி முடித்து ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து எண்ணும்போது இரண்டாயிரம் குறைந்தால், எந்தப் பக்கத்தில் விட்டது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பக்கம் பக்கமாகக் கட்டியிருந்தால், குறைந்ததை இருபது வரிக்குள்தான் தேட வேண்டியிருக்கும்.

கவர்களை அப்புறம் பிரிக்கலாம் என்று பைக்குள் போடாதீர்கள். கொடுத்தவர் நிற்கும்போதே பிரித்து எண்ணுவது மரியாதை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். நானும் அதை மதிக்கிறேன். அப்படியானால் நோட்டில் பெயரை எழுதி, அந்த வரிசை எண்ணையே கவர் மேலும் எழுதி, தொகைக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அரை மணிக்கு ஒருதடவை இரண்டு பேர் சேர்ந்து பிரித்துத் தொகையை நிரப்புங்கள். எண் போடாத கவரும் பெயர் இல்லாத கவரும் ஒன்றுதான்.

இப்போது கம்ப்யூட்டரில் மொய் எழுதும் ஆட்கள் வருகிறார்கள். கொடுத்தவருக்கு அச்சடித்த ரசீது கிடைக்கிறது, ஊர்வாரியாகவும் பெயர்வாரியாகவும் பிரித்துத் தருகிறார்கள், பக்கக் கூட்டல் தப்புவதில்லை. நல்ல வசதிதான். ஆனால் ஒரே ஆள் ஒரு விசேஷத்தில் 'பழனிச்சாமி', அடுத்ததில் 'பழனிசாமி', இன்னொன்றில் 'பழனி' என்று பதிவாகியிருப்பார். தேடினால் மூன்றில் ஒன்றுதான் வரும். போன் நம்பர் மாறிப்போகும். எழுதித் தருகிறவருக்கு உங்கள் ஊர் ஆட்களைத் தெரியாது, ஆகவே பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் உட்கார வேண்டும். வேலை முடிந்ததும் காகிதத்தில் முழுப் பட்டியலை வாங்கி நூலில் கட்டி வையுங்கள். பென்டிரைவ் இருபது வருஷம் தாங்கும் என்று நம்பி வீட்டுக் கடனை அதில் வைக்க முடியாது.

கூகுள் பே, போன்பே வந்த பிறகு ஒரு புது ஓட்டை விழுந்திருக்கிறது. வர முடியாதவர் விசேஷ வீட்டுக்காரர் போனுக்கே அனுப்பிவிடுகிறார். அவர் பந்தியில் நிற்கிறார், போனைப் பார்க்கவே இல்லை. மேசைக்குச் செய்தி வருவதில்லை. மூன்று நாள் கழித்துப் பார்க்கும்போது சென்னையில் இருக்கும் மகன் பெயரில், ஆங்கில எழுத்துகளில் பணம் வந்திருக்கும். மொய்யோ ஊரில் இருக்கும் அப்பாவுடையது. அன்று ராத்திரியே போனை வாங்கி, வந்த தொகை ஒவ்வொன்றுக்கும் ஆளைக் கேட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதிவிட்டுத்தான் நீங்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் எழுதும் நாளின் வேலை. இனி நான் சொல்லப் போவதற்காகத்தான் உண்மையில் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். மொய் நோட்டு ஒன்றை மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்குத் தன் கணக்கில் பாதிதான் தெரியும்.

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டு நோட்டில் இருப்பது மற்றவர்கள் நமக்குச் செய்தது. நாம் மற்றவர்களுக்குச் செய்தது எங்கே இருக்கிறது? அவரவர் வீட்டு நோட்டில், முப்பது ஊரில், நூற்றைம்பது வீட்டு அலமாரியில் சிதறிக் கிடக்கிறது. நாம் கொடுக்க வேண்டியது நம்மிடம் இருக்கிறது. நமக்கு வர வேண்டியதோ நம்மிடம் இல்லை. பெரும்பாலான வீடுகளில் அதை அம்மாவோ பாட்டியோ மனசில் வைத்திருப்பார்கள். அவர்களோடு அது போய்விடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நம் வீடு ஒன்று, பக்கத்து ஊரில் பழக்கமான இன்னொரு வீடு ஒன்று. 2008-ல் நம் வீட்டுக் காதுகுத்துக்கு அவர்கள் 500 ரூபாய் எழுதினார்கள். நாம் 500 பாக்கி. 2012-ல் அவர்கள் வீட்டுக் கல்யாணம். நாம் 1,000 எழுதினோம். அதில் 500 பழைய மொய்யைத் திருப்பியது, மீதி 500 நாம் புதிதாகச் செய்தது. இப்போது பாக்கி அவர்கள் பக்கம், 500. 2017-ல் நம் மகளுக்குச் சடங்கு. அவர்கள் 1,500 எழுதினார்கள்: 500 பழையது, 1,000 புதியது. மறுபடி நாம் 1,000 பாக்கி. 2023-ல் அவர்கள் வீட்டு இரண்டாவது கல்யாணத்துக்குப் பத்திரிகை வருகிறது.

அப்பா இல்லை. மகன் மொய் நோட்டைத் திறக்கிறான். அதில் இந்த வீட்டைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கிறது: 2008-ல் 500, 2017-ல் 1,500. 2012-ல் அப்பா செய்த 1,000 அவர்கள் நோட்டில் இருக்கிறது, இவன் கண்ணில் படாது. கடைசியாக 1,500 செய்திருக்கிறார்கள், 1,500 செய்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைத்துச் செய்துவிட்டு வருகிறான். அவர்கள் அதை வேறு மாதிரி படிக்கிறார்கள்: 1,000 பழையது திரும்பிவிட்டது, 500 புதிதாகச் செய்திருக்கிறான். அடுத்து நம் வீட்டில் விசேஷம் வரும்போது கையில் நெருக்கடி என்று அந்த 500-ஐ மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் கணக்குப்படி அது முழுசாகச் சரி. மகனுக்கோ மனசு கொதிக்கிறது: "ஆயிரத்தைந்நூறு செஞ்சோம், ஐந்நூறோட போய்ட்டாங்களே." இரண்டு வீடும் ஒரு ரூபாய்கூடத் தப்பாகச் செய்யவில்லை, ஆனாலும் பேச்சு நின்றுபோகிறது. எங்கள் பக்கம் முறிந்த பழக்கங்களில் எத்தனையோ இப்படித்தான் முறிந்திருக்கின்றன.

கடைசியாக எழுதினதைப் பார்த்து அதைவிடக் கொஞ்சம் கூட்டிச் செய்வது என்று வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. இரு பக்கமும் ஏறிக்கொண்டே போகும்வரை அதில் தப்பு தெரியாது. யாராவது ஒருவர் நிறுத்திக்கொள்ளவோ குறைத்துக்கொள்ளவோ விரும்பும் நாளில்தான் உண்மையான பாக்கி எவ்வளவு என்ற கேள்வி வரும். அப்போது பதில் சொல்ல எந்த நோட்டாலும் முடியாது.

ஆகவே இரண்டாவது நோட்டு ஒன்று போடுங்கள். நாம் செய்த மொய்க்கு மட்டும். விசேஷத்துக்குப் போய்விட்டு வந்த அன்றே, படுப்பதற்கு முன், தேதி, ஊர், யார் வீடு, என்ன விசேஷம், மொத்தம் எவ்வளவு, அதில் பழையது எவ்வளவு, புதியது எவ்வளவு என்று ஒரு வரி. அதோடு முதல் நோட்டைத் திறந்து, அவர்கள் நமக்குச் செய்த வரிக்குப் பக்கத்தில் 'செய்தாச்சு' என்று டிக் மட்டும் போடாமல், செய்த தேதியையும் தொகையையும் எழுதுங்கள். வெறும் டிக் பத்து வருஷம் கழித்து ஒன்றும் சொல்லாது. அந்த 2023 பத்திரிகை வந்த நாளில் மகன் கையில் இந்த இரண்டாவது நோட்டும் இருந்திருந்தால், பாக்கி 1,000 என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். 1,000 செய்து கணக்கை முடிப்பதா, 2,000 செய்து பழக்கத்தைத் தொடர்வதா என்று அவன் தெரிந்தே முடிவு செய்திருப்பான். ஐம்பது வீட்டோடு கணக்கு இருக்கிறவர்கள் வீட்டுக்கு ஒரு பக்கமாக மூன்றாவது நோட்டும் போடலாம். இடது பக்கம் அவர்கள் செய்தது, வலது பக்கம் நாம் செய்தது. வருஷத்துக்கு ஒரு முறை, தைக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டிலிருந்தும் எடுத்து எழுதினால் போதும்.

இரண்டாவது நோட்டு இருந்தால் இன்னொன்றும் செய்யலாம், அது உங்களால் மட்டும்தான் முடியும். விசேஷம் முடிந்த வாரத்தில் வந்த மொத்தத்தை இரண்டாகப் பிரித்து வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். மொத்த மொய் 6,40,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் நாம் முன்பு செய்து இப்போது திரும்பி வந்தது 2,30,000 என்று நோட்டு சொல்கிறது. மீதி 4,10,000 புதுக்கடன். விசேஷச் செலவு, மண்டபம், கறிவிருந்து, பந்தல், துணிமணி எல்லாம் சேர்த்து 3,80,000. கையில் நிற்பது 2,60,000. வீட்டுக்காரர் இந்த 2,60,000-ஐ லாபம் என்று நினைக்கிறார். போர் போடலாமா, நகை மீட்கலாமா என்று யோசிக்கிறார். மீட்கட்டும், தப்பில்லை. வட்டிக்கு வைத்த நகையை வட்டியில்லாப் பணத்தால் மீட்பது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கையில் இருப்பதைவிடக் கடன் ஒன்றரை லட்சம் அதிகம் என்பதும், இனி ஒவ்வொரு ஆவணியிலும் தையிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக வாசலுக்கு வரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே மாதத்தில் பதினைந்து பத்திரிகை வந்து, மொய் செய்யவே வட்டிக்கு வாங்குகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் எதிலும் இந்தப் பிரிப்பு யாரும் போட்டுக் கொடுத்திருக்கவில்லை.

மொய்க்கு வட்டி இல்லை என்று சொன்னேன். அதற்கு ஒரு விலை இருக்கிறது. 2008-ல் எழுதிய 500 இன்றைக்கும் 500-தான். முதலில் செய்துவிட்டுக் கடைசியில் வாங்குகிறவருக்கு நஷ்டம்; முதலில் வாங்கிவிட்டு மெதுவாகத் திருப்புகிறவருக்கு ஆதாயம். பழையதோடு புதியதைச் சேர்த்துச் செய்யும் வழக்கம் இந்தத் தேய்மானத்தை ஓரளவு ஈடுகட்டுகிறது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து நடத்துகிறவர்கள் இதற்கு வேறு வழி கண்டார்கள். கல்யாணமோ காதுகுத்தோ இருக்க வேண்டியதில்லை. ஆடி, ஆவணியில் சில குடும்பங்கள் சேர்ந்து பத்திரிகை அடித்து, கறிவிருந்து போட்டு மொய் வாங்குகின்றன. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒருவர் முறை வரும். சுற்று குறுகியது, ஆகவே பணம் தேய்வது குறைவு. ஆனால் எல்லோரும் ஒரே விளைச்சலை நம்பி இருப்பதால் ஒரே அடியில் எல்லோரும் விழுவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னையை வேரோடு சாய்த்தது. மரம் போனவர் திருப்பிச் செய்ய எங்கே போவார்? இரண்டு வருஷத்தில் கொரோனா வந்து கூட்டமே கூடக் கூடாது என்றானது. செய்துவிட்டுத் தன் முறைக்குக் காத்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சுற்று எவ்வளவு வேகமாக இருந்தாலும், 'இந்தத் தேதியில் எனக்குத் திரும்பி வரும்' என்று சொல்லி அதை நம்பி வெளியில் கடன் வாங்காதீர்கள்.

பாகப் பிரிவினை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தம்பி சேர்ந்திருந்த காலத்தில் மூத்தவர் மகளுக்குச் சடங்கு நடந்திருக்கும். மொய் பொதுப் பையில் போயிருக்கும், அல்லது இளையவர் படிப்புக்குச் செலவாகியிருக்கும். பிரிந்த பிறகு பத்திரிகை இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக வரும். யார் திருப்பிச் செய்வது? நோட்டின் முதல் பக்கத்தில் என்ன விசேஷம், யாருடைய பிள்ளைக்கு, அப்போது குடும்பத்தில் யார் யார் சேர்ந்திருந்தார்கள், பணம் எதற்குப் போனது என்று நான்கு வரி எழுதி வைத்தால் பஞ்சாயத்து பாதி குறையும். நிலத்தைப் பிரிக்கும் நாளிலேயே மொய்யையும் ஊர்வாரியாகப் பிரித்து, இந்த ஊர்கள் அண்ணனுக்கு, இந்த ஊர்கள் தம்பிக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்ட வீடுகள் உண்டு. நான் பார்த்த ஏற்பாடுகளில் மிகவும் நேர்மையானது அதுதான்.

இன்னொரு வேண்டுகோள். நோட்டைப் படம் எடுத்து வையுங்கள், ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அதில் ஐம்பது ரூபாய் எழுதியவர் இருப்பார். அந்த ஐம்பதுக்கு அவர் எத்தனை நாள் சேர்த்தார் என்று உங்களுக்குத் தெரியாது. வாங்கும்போதும் ஐயாயிரத்தைச் சொன்ன அதே குரலில் ஐம்பதையும் சொல்லுங்கள். வரியின் நீளமும் எழுத்தின் அழகும் தொகைக்கு ஏற்ப மாறக் கூடாது.

கடைசியாக, எந்த வீட்டு மொய் நோட்டிலும் டிக் விழாத சில வரிகள் இருக்கும். பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஆகியும் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் கிடக்கும். அந்த வரிகளுக்கு உரியவர்கள் ஏமாந்தவர்களோ மறந்தவர்களோ இல்லை. பெரும்பாலும் பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளைகளின் விசேஷத்தையெல்லாம் முன்பே முடித்துவிட்டவர்கள், தனியாக இருக்கும் அத்தை, சித்தி, ஊர்க்கோடியில் இருக்கும் பாட்டி. அழைத்த விசேஷத்துக்கெல்லாம் வந்து எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் வீட்டில் இனிப் பத்திரிகை அடிக்கப் போவதில்லை. பத்திரிகை வரட்டும், செய்யலாம் என்று நாம் காத்திருந்தால் அது எந்தக் காலத்திலும் தீராது. அவர்களாகக் கேட்கவும் மாட்டார்கள். "எங்க வீட்டுல தேவை முடிஞ்சு போச்சுப்பா" என்று சொல்லி விட்டுவிடுவார்கள்.

உங்கள் வீட்டு நோட்டை எடுத்து, 2015-க்கு முன்னால் எழுதி இன்னும் டிக் விழாத வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அம்மாவையோ பெரியம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இருப்பவர்களுக்கு வெற்றிலை பாக்கு, பழத்தோடு, எழுதியதைவிடக் கூட்டி வைத்து நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். "அப்பா காலத்துல நீங்க செஞ்சது, இப்பத்தான் வர முடிஞ்சது" என்று சொன்னால் போதும், வேறு காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இல்லாதவர்கள் என்றால் அவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் யாரோ அவரிடம் கொடுங்கள். வந்து தேதியையும் தொகையையும் அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த பத்திரிகைகள் வருவதற்கு முன்னால், இந்த வாரமே அந்தத் தாளை எழுதத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு முன்னால் அந்த மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவர்